ரோட்டேக்ஸ் செத்துவிட்டால் அபராதம் எவ்வளவு? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

"அண்ணே, வேலை விஷயமா வெளியூர்ல இருந்துட்டேன். என் காடிக்கு ரோட்டேக்ஸ் செத்து ஏழு வாரம் ஆச்சு. இப்ப புதுப்பிச்சா லேட் அபராதம் எவ்வளவு கட்டணும்? இன்னொண்ணு, என்னுது 2.0 செடான், மச்சானோடது 2.0 எஸ்யூவி. ரெண்டும் ஒரே சிசிதான், அவரு மட்டும் ஏன் கூடக் கட்டுறாரு?"
— கிள்ளானிலிருந்து ஒரு நேயர்

தம்பி, முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: பூஜ்யம். கவுண்டரில் லேட் அபராதம் என்று ஒரு சென் கூட வாங்க மாட்டார்கள். கடந்துபோன ஏழு வாரத்துக்கும் பணம் கேட்க மாட்டார்கள். என்றைக்குப் புதுப்பிக்கிறீர்களோ அன்றையிலிருந்து புதுக் கணக்கு. இதைக் கேட்டதும் "அப்படியா, சும்மா அவசரப்பட்டோமே" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அபராதம் வேறு இடத்தில் காத்துக்கொண்டிருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு இனித்தது உங்கள் இரண்டாவது கேள்விதான். நேற்று இரவு ஜேபிஜே கட்டண அட்டவணையைப் பிரின்ட் போட்டு, பேனாவும் கால்குலேட்டருமாக உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

முதலில், வழக்கமாகப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த என் பழைய பல்லவி: காடியின் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், கெரானைப் பாருங்கள். பின்னால் 2.0 என்று இருக்கும், கெரானில் 1998 என்று இருக்கும். 1.8 என்று இருக்கும், உள்ளே 1798. ஜேபிஜே கணக்குப் போடுவது கெரானில் உள்ள எண்ணுக்குத்தான். கெரான் பற்றித் தனியாகப் பேசிய நாளிலும் இதையேதான் சொன்னேன், இனியும் சொல்வேன்.

இப்போது அட்டவணை. நான் சொல்வது தீபகற்ப மலேசியாவில், தனிநபர் பெயரில் பதிந்த காடிக்கு. சபா, சரவாக்கில் கட்டணம் குறைவு. கம்பெனி பெயரில் உள்ள செடானுக்குக் கூடுதல்.

செடானும் ஹேட்ச்பேக்கும் இதில் ஒரே கூட்டம். 1000 சிசி வரை 20 வெள்ளி. 1200 வரை 55, 1400 வரை 70, 1600 வரை 90. இதுவரை மாடிப்படி மாதிரி. ஒரு படிக்குள் எங்கே நின்றாலும் ஒரே விலை. 1.3 மைவி வைத்திருப்பவர் 70 கட்டுகிறார், 1.5 மைவிக்காரர் 90 கட்டுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

1600-ஐத் தாண்டினால் படி முடிந்து சரிவுப்பாதை ஆரம்பம். 1601-லிருந்து 1800 வரை அடிப்படை 200 வெள்ளி, 1600-க்கு மேல் உள்ள ஒவ்வொரு சிசிக்கும் 40 சென். 1801-லிருந்து 2000 வரை 280 வெள்ளி, 1800-க்கு மேல் உள்ள ஒவ்வொரு சிசிக்கும் 50 சென். உங்கள் காடியை எடுத்துக்கொள்வோம். கெரானில் 1998 என்றே வைத்துக்கொள்கிறேன். 1998-இல் 1800 போக மிச்சம் 198. அதை 50 சென்னால் பெருக்கினால் 99 வெள்ளி. 280-உம் 99-உம் சேர்த்து 379. நீங்கள் கட்ட வேண்டியது 379 வெள்ளி.

மச்சான் காடி எஸ்யூவி. எஸ்யூவி, எம்பிவி எல்லாம் 'செடான் அல்லாதவை' என்று பக்கத்து அட்டவணையில் இருக்கின்றன. அங்கே 1801-லிருந்து 2000 வரை அடிப்படையே 360 வெள்ளி, அதற்கு மேல் சிசிக்கு 40 சென். அதே 198 சிசிக்கு 79 வெள்ளி 20 சென். மொத்தம் 439 வெள்ளி 20 சென். உங்களை விட 60 வெள்ளி 20 சென் கூட. இன்ஜினைப் பார்த்து இல்லை தம்பி, உடம்பைப் பார்த்து வாங்குகிறார்கள்.

நான் பேனாவைக் கையில் எடுத்த காரணம் இனிமேல்தான். இரண்டு அட்டவணையையும் வரி வரியாகக் கூட்டிப் பார்த்தேன். 1800-இல் ஒரு வரி முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறதே, அங்கே குதிப்பு ஏதாவது இருக்கிறதா? இல்லை. முதல் வரியின்படி 1800-க்கு 280 வெள்ளி, அடுத்த வரியும் 280-இலேயே ஆரம்பிக்கிறது. 2000, 2500, 3000 எல்லா இடத்திலும் இப்படி அழகாக ஒட்டிக்கொள்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பள்ளத்தாக்கு: 1600. அதுவரை 90 வெள்ளி, 1601 ஆனால் 200 வெள்ளி 40 சென். ஒரே ஒரு சிசிக்கு 110 வெள்ளி 40 சென்! நம் ஊரில் ஓடும் 1.6 காடிகளின் கெரானைப் பாருங்கள், 1597 மாதிரி எண்தான் அதிகம் கண்ணில் படும். 1601 என்று நான் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இன்னொன்று. எஸ்யூவி என்றாலே கூடக் கட்ட வேண்டும் என்று மச்சான் புலம்பினால், இதைச் சொல்லுங்கள். 2001-லிருந்து 2500 வரை செடானுக்கு 380 வெள்ளி, மேலே சிசிக்கு ஒரு வெள்ளி. எஸ்யூவிக்கு 440 வெள்ளி, மேலே சிசிக்கு 80 சென். அப்படியானால் இரண்டும் எங்கேயோ சந்திக்க வேண்டும் அல்லவா? சந்திக்கிறது, சரியாக 2300 சிசியில். செடானுக்கும் 680, எஸ்யூவிக்கும் 680. அதைத் தாண்டினால் எஸ்யூவிதான் மலிவு. 3000 சிசிக்கு வந்தால் செடான் 2130 வெள்ளி, எஸ்யூவி 1640. ஏறக்குறைய ஐந்நூறு வெள்ளி குறைவு. மச்சானுக்கு அடுத்த காடி வாங்க நல்ல சாக்கு.

சரி, எங்கேயோ போய்விட்டேன். செத்துப்போன ரோட்டேக்ஸுக்கு வருவோம்.

கவுண்டரில் அபராதம் இல்லை, ஆனால் சாலையில் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, உரிமம் நடப்பில் இல்லாத வண்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை, வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. நடைமுறையில் கேட்டுக்குள் துணி போர்த்தி நிற்கும் காடியை யாரும் வந்து பார்ப்பதில்லை. வெளியே சாலையோரம் நிறுத்தியிருந்தால் கதை வேறு. ஓட்டிப் பிடிபட்டால் காம்பவுண்ட் 300 வெள்ளி வரை போகும். இரண்டு வாரம் சலுகை உண்டு, ஒரு மாதம் சலுகை உண்டு என்றெல்லாம் காப்பிக்கடையில் சொல்வார்கள். தேதி முடிந்த மறுநாளே ரோட்டேக்ஸ் இல்லாத காடிதான்.

இந்த 300 வெள்ளியைக் கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டேக்ஸ் எடுக்க முடியாது என்பதால், பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஒரே நாளில் ஆரம்பித்து ஒரே நாளில் முடியும். அப்படியானால் ஏழு வாரமாக உங்கள் காடிக்கு இன்சூரன்ஸும் இல்லை! அது 90-ஆம் பிரிவு. ஆயிரம் வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் போகலாம். அதுவும் யாரையாவது இடித்துவிட்டால், எதிராளியின் ஆஸ்பத்திரிச் செலவு வரைக்கும் உங்கள் கையிலிருந்து. அதனால் காடியைத் தொடுவதற்கு முன் கவர் நோட்டில் தேதியைப் பாருங்கள்.

இதில் என் சொந்தக் கதை ஒன்று. ஒரு வருடம் கை கொஞ்சம் இறுக்கம். இன்சூரன்ஸைப் பன்னிரண்டு மாதத்துக்கு எடுத்துவிட்டு, ரோட்டேக்ஸை மட்டும் ஆறு மாதத்துக்கு எடுத்தேன். ஆறு மாதத்துக்கும் எடுக்கலாம், பணம் பாதிதான். இன்சூரன்ஸ் ஏஜெண்டு வருடம் ஒரு முறைதான் போன் பண்ணுவார், இடையில் யார் ஞாபகப்படுத்துவது? ஒரு வெள்ளிக்கிழமை இரவு சாலைத் தடுப்பில் அதிகாரி டார்ச் அடித்து, "பாக்சிக், இது செத்து ஒன்பது நாள்" என்றார். கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்த காலம் அது. என் மூக்குக்கு நேரே இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இப்போது அந்த ஸ்டிக்கரும் இல்லை. 2023 பிப்ரவரி 10-லிருந்து மலேசியர்களின் தனியார் வண்டிக்கு ரோட்டேக்ஸ் ஒட்ட வேண்டியதில்லை என்று போக்குவரத்து அமைச்சர் அறிவித்துவிட்டார். வசதிதான். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டாததால் தேதி ஓடாமல் நிற்கவில்லை. அவர்கள் நம்பர் பிளேட்டைத் தட்டினாலே எல்லாம் வந்துவிடும். நமக்குத்தான் தெரிவதில்லை. MyJPJ செயலியைத் திறந்தால் காடிக்கு நேரே முடியும் தேதி இருக்கும். முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே புதுப்பிக்கலாம். முன்கூட்டி எடுத்தால் நாள் நஷ்டமாகும் என்று பயப்பட வேண்டாம், பழையது முடிந்த மறுநாளிலிருந்துதான் புதியது ஓடும்.

உங்களுக்கு ஏழு வாரம்தான், சிக்கல் இல்லை. மூன்று வருடம் தாண்டிப் போட்டுவைத்தவர்கள்தான் முதலில் புஸ்பாகோம் சோதனைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஆக, இன்றைக்கு இரவு முதலில் இன்சூரன்ஸ். அது ஜேபிஜே கணினியில் ஏறிய பிறகு ரோட்டேக்ஸ், 379 வெள்ளி. புதுப்பிக்க விடாமல் தடுத்தால் பழைய சம்மன் ஏதாவது நிற்கிறதா என்று பாருங்கள், அதைக் கட்டினால் வழிவிடும். எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிடலாம். போஸ் ஆபீசில்தான் கட்டுவேன் என்றால் மச்சானைக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ரோட்டேக்ஸ் எடுக்கப் போகிற வழியிலேயே ரோட்டேக்ஸ் இல்லாமல் பிடிபட்டவர் ஒருவர் எங்கள் தாமானில் இருக்கிறார். கையில் பணத்தை எண்ணி வைத்திருந்ததால் அதிகாரி நம்பினாராம், ஆனாலும் எழுதிவிட்டாராம்.