ஜாக்கெட் தைக்கிறவங்க ப்ரொஃபைல்ல என்ன எழுதணும்?

"அக்கா, பழைய வண்ணாரப்பேட்டையில வீட்லயே ஜாக்கெட் தைக்கிறேன், ஆரி ஒர்க்கும் போடுறேன். வாட்ஸ்அப் பிசினஸ்ல நான் முடிச்ச கோர்ஸ் எல்லாம் எழுதியிருக்கேன். ஆனா புதுசா வர்றவங்க ரேட் மட்டும் கேட்டுட்டுப் போயிடறாங்க. என்ன எழுதணும்?"

உங்ககிட்ட வர்றவங்க கையில என்ன இருக்குன்னு பாருங்கம்மா. எம்.சி. ரோடு முழுக்க அலைஞ்சு எடுத்த பட்டுப்புடவை. அதோட வர்ற ஜாக்கெட் துணி அந்த ஒண்ணுதான். தப்பா வெட்டிட்டா அதே துணி மறுபடி கிடைக்காது. துணி வீணாயிடுமோ, விசேஷத்துக்குள்ள கைக்கு வருமோ, இந்த ரெண்டுதான் அவங்க பயம். அதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியாமத்தான் ரேட் கேக்கறாங்க. அதனால கோர்ஸ் பேரு கடைசியில இருக்கட்டும். முதல்ல இந்த ரெண்டுக்கும் பதில் வரணும்.

இப்படி எழுதிப் பாருங்க: "பட்டு ஜாக்கெட், ஆரி ஒர்க். அளவு ஜாக்கெட்டோட சேர்த்து உடம்பு அளவும் எடுத்துப்பேன். காட்டன் லைனிங்கை நனைச்சுக் காயவச்ச பிறகுதான் வெட்டுவேன். பிற்பாடு பிரிச்சுக்க உள்ளே ஒரு இன்ச் துணி விடுவேன். பிடிப்பு, லூஸ் இருந்தா ஒருமுறை இலவசமா சரி பண்ணித் தருவேன். சாதா தையல் 5 நாள், ஆரி 15 நாள்." நாள் கணக்கை உங்க கைவேகத்துக்கு மாத்திக்கோங்க. லைனிங்கை நனைக்காம தைச்சா முதல் துவைப்புலயே சுருங்கி, மேல் துணி சுருக்கம் விழும்னு ஒருமுறை பட்டவங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரியிலயே உங்களுக்குத் தொழில் தெரியும்னு அவங்க புரிஞ்சுப்பாங்க. அந்த விவரக் கட்டத்துல 512 எழுத்துதான் இடம். தமிழ்ல கால், கொம்பு, புள்ளியும் தனித்தனியா எண்ணிக்கையில சேரலாம், அதனால சீக்கிரம் நிரம்பிடலாம்.

படம் விஷயத்துல நான் கண்டிப்பா சொல்றேன், நெட்டுல எடுத்த டிசைன் ஒண்ணுகூட கேட்டலாக்ல இருக்கக் கூடாது. "இதே மாதிரி வேணும்"னு ஒருத்தர் கேட்டா மாட்டிப்பீங்க. நீங்க தைச்சதுல ஆறு ஜாக்கெட் போதும். ஒவ்வொண்ணுக்கும் முன்பக்கம், முதுகு, அப்புறம் உள்பக்கத்தைத் திருப்பி ஒரு படம். உள்தையலும், ஆரி நூல் முடிச்சு போட்ட இடமும் தெரியணும். பகல்ல ஜன்னல் வெளிச்சத்துல எடுங்க, டியூப்லைட்ல ஜரிகை நிறம் மாறித் தெரியும்.

வாடிக்கையாளர் சொன்னதைப் போடுறதா இருந்தா, அவங்ககிட்ட கேட்டுட்டு, பேரு நம்பரை மறைச்சுப் போடுங்க. "சூப்பர் அக்கா"ன்னு பத்து மெசேஜ் வேண்டாம். "கை பிடிப்பா இருந்துச்சு, அன்னிக்கே பிரிச்சுத் தந்தாங்க"ன்னு வந்த ஒண்ணு போதும். தப்பு வந்தா நீங்க என்ன செய்வீங்கன்னு அதுல தெரிஞ்சுடுது.

வீட்டுக் கதவு எண் போட வேண்டாம்மா. "தியாகராய கல்லூரி மெட்ரோ பக்கம்"னு இருந்தா போதும், ஆர்டர் உறுதியானதும் லொகேஷன் அனுப்பலாம். முகூர்த்த மாசத்துல வேலை குவிஞ்சா அந்த 15 நாளை அன்னிக்கே 25ன்னு மாத்திடுங்க.