பள்ளித் திட்ட முன்மொழிவு: பட்ஜெட்டின் ஒவ்வொரு வரிக்கும் காரணம் எழுதுவது எப்படி?

[திரை: பள்ளிக் கட்டடத்தின் தட்டையான கான்கிரீட் கூரை]

வணக்கம். பள்ளியில் மழைநீர்த் தொட்டி அமைக்க நிதி கேட்டு முன்மொழிவு எழுதுகிறீர்கள். பட்ஜெட் அட்டவணை தயார். அதற்குக் கீழே, ஒவ்வொரு செலவும் ஏன் என்று எழுதும் பகுதியில்தான் பலரும் "திட்டத்துக்கு மிகவும் அவசியம்" என்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதிவிடுகிறார்கள். படிப்பவருக்கு அதில் எதுவும் கிடைக்காது. விலை சரியா என்பதை அவர் கடையில் கேட்டே தெரிந்துகொள்வார். இந்த அளவு எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரிப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். கூரை 20 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். மாணவர்கள் 120 பேர்.

[திரை: வரி 1 – 3,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி]

ஏன் 3,000? ஏன் 1,000 இல்லை, 10,000 இல்லை? இந்தக் கேள்வி கட்டாயம் வரும். இப்படி எழுதுங்கள்:

"கூரையின் பரப்பு 160 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4,000 லிட்டர் விழும். தெறித்தும் ஊறியும் போவதைக் கழித்து 80 சதவீதம் என்று வைத்தால் 3,200 லிட்டர் கிடைக்கும். கழிப்பறைக்கு ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வீதம் 600 லிட்டர் தேவை. 3,000 லிட்டர் தொட்டி ஒரு நல்ல மழையில் நிரம்பும், 5 பள்ளி நாட்களுக்கு வரும்."

இனி யாராவது தொகையைக் குறைக்கச் சொன்னால், எத்தனை நாள் தண்ணீர் குறையும் என்று அவருக்கே தெரியும்.

[திரை: வரி 2 – 100 லிட்டர் டிரம், வடிகால் வால்வு]

தொட்டி இருக்கும்போது தனியாக ஒரு டிரம் எதற்கு என்று இந்த வரியைத்தான் முதலில் வெட்டுவார்கள். கூரைத் தூசியும் பறவை எச்சமும் முதல் மழையோடு வரும். முதல் அரை மில்லிமீட்டர் மழையை ஒதுக்கினால் 160 சதுர மீட்டருக்கு 80 லிட்டர். வெறும் குழாயிலேயே அதைத் தேக்கலாமே என்பார்கள். 110 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்கு 9 லிட்டர்கூடப் பிடிக்காது. 9 மீட்டருக்கு மேல் குழாய் வேண்டும். ஆகவே டிரம். மழை நின்றதும் வால்வைத் திறந்து டிரம்மைக் காலி செய்யாவிட்டால், அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள் போகும். எனவே அந்த வேலை யாருடையது என்பதையும் இதே வரியில் எழுதிவிடுங்கள்.

[திரை: வரி 3 – குழாய், 3 மீட்டர் நீளம், 10 எண்ணிக்கை]

கூரையில் 3 வடிகால் வாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 1 மீட்டர் இறக்கம், சுவரோரம் 20 மீட்டர், தொட்டிக்கு 2 மீட்டர். மொத்தம் 25. வெட்டுச் சேதம் 10 சதவீதம் சேர்த்தால் 27.5 மீட்டர், அதாவது 10 குழாய்கள்.

இறக்கம் ஏன் 1 மீட்டர் மட்டும்? தரைவரை இறக்கி மீண்டும் தொட்டியின் மேல்வாய்க்கு ஏற்றினால், மழை நின்ற பிறகும் குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும். குழாயின் நீளத்தைப் பார்த்தே, எழுதியவர் இடத்தை அளந்தாரா இல்லையா என்று அனுபவமுள்ள பொறியாளர் சொல்லிவிடுவார். கிளாம்ப், எல்போ, டீ, பசை ஆகியவற்றை "இதர பொருட்கள்" என்று ஒன்றாகப் போடாமல் எண்ணி எழுதுங்கள். மீட்டருக்கு ஒரு கிளாம்ப் என்றால் 25. தொட்டி வாய்க்குக் கொசுவலையும் தனி வரிதான். அது இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் கொசு தொட்டியிலேயே முட்டையிடும்.

[திரை: வரி 4 – கான்கிரீட் மேடை, கூலி]

நிறைந்த தொட்டியில் தண்ணீர் மட்டும் 3 டன். மேடு பள்ளமான தரையில் வைத்தால் அடிப்பகுதி விரிசல் விடும். மேடை 2 மீட்டருக்கு 2 மீட்டர், 15 சென்டிமீட்டர் தடிமன்: 0.6 கனமீட்டர் கான்கிரீட். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 என்ற கலவைக்கு ஏறத்தாழ 5 மூட்டை சிமெண்ட்.

கூலியை ஆள், நாள் என்று பிரித்துக் காட்டுங்கள்: கொத்தனாரும் உதவியாளும் 1 நாள், பிளம்பரும் உதவியாளும் 2 நாள். இரண்டு வேலைக்கும் நடுவே மேடையை 7 நாளாவது நீர் ஊற்றி ஆற்ற வேண்டும். இருவரையும் ஒரே நாளில் வரவழைப்பதாக எழுதினால் கால அட்டவணையோடு பட்ஜெட் மோதும்.

கூரையைப் பெற்றோர் சுத்தம் செய்து தருவதாக இருந்தால், அதைப் பள்ளியின் பங்களிப்பு என்று தனிப் பத்தியில் காட்டுங்கள். நிதி கேட்கும் தொகையோடு கலக்க வேண்டாம்.

[திரை: மூன்று விலைப்புள்ளிகள்]

தொட்டிக்கும் குழாய்க்கும் மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்கி இணையுங்கள். ஜிஎஸ்டி சேர்ந்த விலையா, வண்டி வாடகை உள்ளடக்கமா, விலை எந்தத் தேதிவரை செல்லும் என்று மூன்றையும் பாருங்கள். ஒரு கடை வரியோடும் இன்னொரு கடை வரி இல்லாமலும் தந்தால், மலிவானது எது என்பதே மாறிப்போகும். விலை உயர்வுக்கு 5 சதவீதம் ஒதுக்கினால், அதை எந்தப் பொருளுக்காக வைத்தீர்கள் என்றும், செலவாகாவிட்டால் திருப்பித் தருவீர்கள் என்றும் எழுதுங்கள்.