ஜூலை கூட்டத்துல சொல்ற ஜனவரி தேதி

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். செங்கல்பட்டுப் பக்கம் பறவை பாக்குற க்ளப் ஒண்ணுல ரொம்ப வருஷமா செயலாளரா இருக்கேன், ஜூலைல முதல் கூட்டம் போட்டு அந்த வருஷ நிகழ்ச்சி எல்லாத்தையும் மெம்பர்ஸ்கிட்ட அறிவிக்கிற உரை என் பொறுப்பு. அந்த உரையில ஒரு தேதி எப்படி முடிவாகுதுன்னு இன்னிக்கு சொல்றேன்.

வேடந்தாங்கலையே எடுத்துக்கோங்க. புதுசா சேர்றவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது அதைத்தான், "சார், அக்டோபர் லீவுல போலாமா, பசங்களும் வருவாங்க"ன்னு. போலாம், ஆனா அப்ப ஏரி நிரம்பியிருக்காது. அங்க பறவை கூடு கட்டுறது ஏரிக்குள்ள நிக்கிற நீர்க்கடம்பு மரங்கள்ல, மரத்தைச் சுத்தி தண்ணி இருந்தாதான் பூனை, கீரின்னு தரைவழியா எதுவும் ஏறி வந்து முட்டையைத் தின்னாது. அந்தத் தண்ணி வடகிழக்குப் பருவமழையில வர்றது. மழை நல்லா பிடிச்சு ஏரி ரொம்பினப்புறம்தான் மஞ்சமூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா எல்லாம் தைரியமா உக்காரும். ஜனவரி வாக்குல போனீங்கன்னா கூட்டுல குஞ்சு இருக்கும், பெரிய நாரை அலகைத் தட்டுறதோட சரி, பசியில கத்துறதெல்லாம் குஞ்சுங்கதான், அந்த சத்தம் கரை வரைக்கும் கேக்கும்.

அதனால ஜூலைல நான் சொல்றது இப்படித்தான் இருக்கும்: "வேடந்தாங்கல், ஜனவரி முதல் ஞாயிறு, காலையில அஞ்சு மணிக்கு வேன் கிளம்பும். டிசம்பர் 15 அன்னிக்கு ஊர்க்காரங்ககிட்ட கேட்டுட்டு உறுதி பண்றேன். மரத்தடியில தண்ணி இல்லன்னா அதே வேன், அதே நேரம், பள்ளிக்கரணை சதுப்புநிலம்." அந்த ரெண்டாவது இடத்தையும் ஜூலைலயே சொல்லிடணுங்க, இதை நான் திரும்பத் திரும்ப சொல்வேன். சொல்லலன்னா மழை ஏமாத்துற வருஷம் ட்ரிப்பே கேன்சல்னு ஆயிடும், லீவு போட்டு வச்சவங்க அடுத்த கூட்டத்துக்கே வர மாட்டாங்க. பள்ளிக்கரணையில தண்ணி கொஞ்சம் இறங்கினா சேறு வெளிய தெரியும், உள்ளானுங்க அங்க இறங்கி மேயும், அதனால அது ஏதோ ஒப்புக்கு வச்ச இடமும் இல்ல.

ஏன் ஜனவரி முதல் ஞாயிறு? அது மார்கழி. மார்கழியில முகூர்த்தம் கிடையாது, அதனால வேன் கிடைக்கும். தை பொறந்துட்டா முகூர்த்த ஞாயித்துக்கிழமையில வேன்காரர் போனையே எடுக்க மாட்டார், எடுத்தாலும் வாடகை ஏறியிருக்கும். அதனால ஜூலைலயே முகூர்த்த நாள் போட்ட நாள்காட்டியை பக்கத்துல வச்சுக்கிட்டுதான் எழுதுவேன். பறவைக்கு ஏரி, எங்களுக்கு வேன், ரெண்டும் ஒத்து வர்ற வாரம் அது ஒண்ணுதான்.

அதுக்கு அடுத்தது பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு, 2015லேர்ந்து தமிழ்நாட்டுல நடக்குது, பொங்கலை ஒட்டி நாலு நாள். முதல்ல இதை கூட்டத்துல சொன்னா முகத்தைச் சுளிப்பாங்க, "பொங்கலுக்கு நாங்க ஊர்ல இருப்போமே"ன்னு. ஊர்ல இருக்கறதுதான் வேணும்! ஒரே இடத்துல குறைஞ்சது 15 நிமிஷம் நின்னு கண்ணுல பட்டது, காதுல கேட்டது எல்லாத்தையும் எண்ணி இ-பேர்ட்ங்கிற பறவைப் பதிவு வெப்சைட்ல போடணும், அவ்ளோதான். எங்க க்ளப்ல ஒரு அக்கா மாமியார் ஊருக்குப் போய் கரும்பு வெட்டுற வயலோரம் நின்னு போட்டாங்க, கரிச்சான், பனங்காடை, மடையான், செம்போத்துன்னு. வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் சுத்தி நின்னு எண்ணிருக்காங்க. காக்கா மட்டும் எவ்ளோன்னு தெரியலையேன்னு போன் பண்ணாங்க, பத்து பத்தா கூட்டி ஒரு மதிப்பு போடுங்கக்கான்னேன். நிறையன்னு விட்டுட்டா அடுத்த வருஷம் கூடுச்சா குறைஞ்சுதான்னு பாக்க முடியாது. மைனா, காக்கா எல்லாம் வேணாம்னு விடவும் கூடாது, பாத்தது முழுசா இருந்தாதான் அந்தப் பட்டியலை ஒப்பிட முடியும்.

கூட்டத்துல இதைச் சொல்லும்போது யார் எந்த ஊருக்குப் போறாங்கன்னு அங்கேயே கை தூக்கச் சொல்லி எழுதிக்குவேன். பேர் எழுதியாச்சுன்னா செய்வாங்க.

நேரம் ஆயிடுச்சுன்னு உள்ள கை காட்டுறாங்க. பிப்ரவரியில நாலு நாள் உலகம் பூரா நடக்குற கணக்கெடுப்பு பத்தியும், மே மாச மலை ட்ரிப் பத்தியும் பேசணும்னு வச்சிருந்தேன், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், மே ட்ரிப்புக்கு தங்குற இடத்தை பிப்ரவரியிலயே பேசிடுங்க, ஏப்ரல்ல கேட்டா கோடைக் கூட்டத்துல ரூம் கிடைக்காது. வணக்கம்.