ஒரு கழித்தல் கணக்கும் ஒரு செயலாய்வும்

நேயர்களுக்கு வணக்கம். பி.எட். பயிலும் பயிற்சி ஆசிரியர்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காகச் செல்லும்போது ஒரு செயலாய்வையும் செய்து முடித்துப் பதிவேடாக ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. 1940களில் சமூக உளவியலாளர் கர்ட் லெவின் முன்வைத்த இந்த முறையை, 1950களில் ஸ்டீபன் கோரி பள்ளி ஆசிரியர்களின் கைக்குக் கொண்டுவந்தார். ஆசிரியர் தம் வகுப்பில் காணும் சிக்கலைத் தாமே ஆராய்ந்து, ஒரு மாற்றத்தைச் செய்துபார்த்து, நிகழ்ந்ததைக் கவனித்து, அதைப் பற்றிச் சிந்திப்பது ஒரு சுற்று. நான் வழிகாட்டிய ஒரு பயிற்சி ஆசிரியையின் சுற்றை மட்டும் இன்று விவரிக்கிறேன்.

அவருக்குக் கிடைத்தது 34 மாணவர்கள் கொண்ட ஆறாம் வகுப்பு. முதல் வாரத்தின் இறுதியில், ‘மாணவர்கள் கணிதத்தில் பின்தங்கியுள்ளனர்’ என்று சிக்கலை எழுதிக்கொண்டு வந்தார். அது ஒரு புலம்பலே தவிர, ஆய்வுக்குரிய சிக்கல் அன்று. எந்த மாணவர், எந்தக் கணக்கில், எந்த இடத்தில் தவறுகிறார் என்று சொல்ல முடியாத வரையில், எதை மாற்றுவது என்றும் சொல்ல முடியாது. எனவே அவர் மாணவர்களின் குறிப்பேடுகளை வாங்கிப் புரட்டினார். மூன்றிலக்கக் கழித்தலில், அதிலும் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகளில், தவறுகள் குவிந்திருந்ததைக் கண்டார்.

பிறகு பத்துக் கழித்தல் கணக்குகளைக் கொண்ட ஒரு முன்தேர்வை வைத்தார். அவற்றுள் இரண்டு கடன் வாங்கத் தேவையில்லாதவை. அவற்றின் பயன் பின்னால் தெரியவரும். நான்கு கணக்குகளுக்கு மேல் தவறியவர்கள் 13 பேர். பெரும்பாலோர் இந்த எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். மதிப்பெண்ணைச் சராசரியாக்கி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். இவரோ தவறான விடைகளை இனம் பிரித்தார்.

தாளும் பேனாவும் அருகில் இருந்தால் இந்தக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்: 403இலிருந்து 168ஐக் கழிக்க வேண்டும். சரியான விடை 235. ஆனால் ஆறு மாணவர்கள் 365 என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் மேலே உள்ளது எது, கீழே உள்ளது எது என்று பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருந்தார்கள். எட்டில் மூன்று போக ஐந்து, ஆறில் பூச்சியம் போக ஆறு, நான்கில் ஒன்று போக மூன்று. வேறு ஐந்து மாணவர்களின் விடை 335. இவர்களுக்குக் கடன் வாங்கத் தெரிந்திருக்கிறது. பத்துகள் இடத்துப் பூச்சியத்தை ஒன்பதாக்கவும் தெரிந்திருக்கிறது. நூறுகள் இடத்து நான்கை மூன்றாகக் குறைக்க மட்டும் தெரியவில்லை. எஞ்சிய இருவரின் தவறுகளில் ஒழுங்கு எதுவும் இல்லை. அவர்களுக்கு அடிப்படைக் கழித்தல் வாய்பாடே தடுமாறியது. ஆகவே அவர்களுக்குத் தனியாக உதவுவதென்று முடிவு செய்து, ஆய்வை 11 பேரோடு நிறுத்திக்கொண்டார்.

விடைத்தாள் தவறைக் காட்டும், அதன் காரணத்தைக் காட்டாது. எனவே ஒவ்வொரு மாணவரையும் தனியே அமரவைத்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கணக்கைச் செய்யச் சொன்னார். 335 என்று எழுதிய ஒரு சிறுமியிடம், அந்த ஒன்பது எப்படி வந்தது என்று கேட்டபோது, “பூச்சியத்துகிட்ட கடன் வாங்குனா ஒம்பது ஆயிடும் மிஸ்” என்றாள். அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே அவளுக்கு எழவில்லை. அவளிடம் இருந்தது கவனக்குறைவு அன்று. பாதியில் அறுந்துபோன ஒரு விதி. ஒரு நூறு பத்துப் பத்துகளாக மாறுகிறது, அவற்றுள் ஒரு பத்து ஒன்றுகளாக மாறுகிறது, ஒன்பது மிஞ்சுகிறது என்பதை அவள் ஒருபோதும் கண்ணால் கண்டதில்லை.

இதிலிருந்து செயல் கருதுகோள் தானே பிறந்தது: நூறு, பத்து, ஒரு ரூபாய் என்று அட்டையில் வெட்டிய விளையாட்டுத் தாள்களை மாணவர்கள் கையால் மாற்றிப் பழகினால், எழுத்துக் கழித்தலில் இந்த இருவகைத் தவறுகளும் குறையும். தலைமையாசிரியரிடமும் வகுப்பின் கணித ஆசிரியரிடமும் அனுமதி பெற்று, இரண்டு வாரங்களில் இருபது நிமிட அமர்வுகளாக எட்டு அமர்வுகளைத் திட்டமிட்டார்.

மூன்றாம் நாள் திட்டம் தடுக்கியது. தாள்களைச் சரியாக மாற்றிச் சரியான தொகையைக் கையில் வைத்திருந்த மாணவர்களே, குறிப்பேட்டில் மீண்டும் 335 என்று எழுதினார்கள். கையும் எழுத்தும் இருவேறு விளையாட்டுகளாக நடந்துகொண்டிருந்தன. அன்று மாலையே இதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். வார இறுதியில் நினைவிலிருந்து எழுதியிருந்தால் இது ‘ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்று மாறியிருக்கும் என்பது என் அனுபவம். நான்காம் நாள் முதல், ஒரு தாளை மாற்றிய உடனேயே அந்த மாற்றத்தைக் குறிப்பேட்டில் சிவப்புப் பென்சிலால் எழுத வேண்டும், எழுதிய பிறகே அடுத்த தாளைத் தொடலாம் என்று முறையை மாற்றினார். பாதி வழியில் திட்டத்தை மாற்றலாமா என்று அஞ்சிக் கேட்டார். மாற்றலாம், எந்த நாளில், எதைக் கண்டு, எப்படி மாற்றினோம் என்பதைப் பதிவேட்டில் மறைக்காமல் எழுத வேண்டும்.

எட்டு அமர்வுகளுக்குப் பின், எண்களை மட்டும் மாற்றி அதே அமைப்பில் பின்தேர்வை வைத்தார். 11 பேரில் எட்டுப் பேர் ஒன்பதோ பத்தோ கணக்குகளைச் சரியாகச் செய்திருந்தார்கள். ‘தாள் முறை பயனளித்தது’ என்று ஒரே வரியில் சிந்தனைப் பகுதியை முடித்துக்கொண்டு வந்தார். அங்கேதான் நான் அவரைத் திருப்பி அனுப்பினேன்.

எட்டுப் பேருள் ஒருவன் கடன் வாங்கும் கணக்குகளையெல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடன் தேவைப்படாத கணக்கொன்றில் தேவையில்லாமல் கடன் வாங்கியிருந்தான். அவன் புதிய பழக்கம் ஒன்றைக் கற்றிருந்தான், அது எப்போது தேவை என்பதைக் கற்கவில்லை. முன்பே சேர்த்துவைத்த அந்த இரண்டு கணக்குகள் இல்லாவிட்டால் இது வெளிப்பட்டிருக்காது. தேறாத மூவருள் ஒருவன் எட்டில் நான்கு அமர்வுகளுக்கு வரவில்லை என்று வருகைப் பதிவு சொன்னது; அவனை முறையின் தோல்வியாகக் கொள்ள முடியாது. இன்னொரு கேள்வியும் இருந்தது. சிறு குழுவாக அமரவைத்து நாள்தோறும் இருபது நிமிடம் கவனித்ததே போதுமானதாக இருந்திருக்கலாம் அல்லவா? ஒப்பிட வேறொரு குழு இல்லாத ஆய்வு இதற்கு விடை சொல்லாது. ஆகவே, ‘இந்தக் குழுவில் இவ்வளவு மாற்றம் நிகழ்ந்தது, அதற்குத் தாள் முறை மட்டுமே காரணம் என்று கூற இயலாது’ என்று திருத்தி எழுதினார். பதினொரு பேரின் மதிப்பெண்களுக்குப் புள்ளியியல் சோதனை நடத்திப் பக்கங்களை நிரப்பும் வழக்கமும் உண்டு. அந்த வரி சொல்லும் அளவுக்குக்கூட அது எதையும் சொல்லாது என்பது என் கருத்து.

இரண்டு வாரம் கழித்து அதே வகைக் கணக்குகளை மீண்டும் கொடுத்தபோது, எட்டுப் பேரில் ஆறு பேர் நிலைத்திருந்தார்கள். தேறாத மற்ற இருவரும் தாள்களை வைத்துக்கொண்டால் சரியாகவும், தாள்களை எடுத்துவிட்டால் பழையபடி 335 என்றும் விடை தந்தார்கள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் அடுத்த சுற்றின் சிக்கலை எழுதியிருந்தார்: தாள்களைக் கையிலிருந்து எடுப்பதற்கும் எழுத்தில் மட்டும் செய்வதற்கும் இடையில், தாள்களைப் படமாக வரைந்து கழிக்கும் ஒரு படியைச் சேர்த்தால், இந்த இருவரின் விடை மாறுமா? நன்றி, வணக்கம்.