பெற்ற, பெற்று: ஒரு வேலை விண்ணப்பத்தின் இலக்கணம்

வணக்கம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்லித்தான் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையில் நின்றபடி ஒலிபெருக்கியில் கேட்கும் பிளஸ் டூ மாணவர்களுக்கும், வீட்டிலிருந்து கேட்கும் கல்லூரி மாணவர்களுக்கும் என் வணக்கம்.

இலக்கணம் என்றதும் உங்களுக்கு மதிப்பெண்தான் ஞாபகத்துக்கு வரும். நான் ஓர் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்தவள். ஆள் எடுக்கும்போது வந்து குவியும் விண்ணப்பங்களை முதலில் படித்துப் பிரிப்பது என் வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு இலக்கணம் எப்படித் தெரிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

விண்ணப்பத்தை யாரும் கதைபோல ரசித்துப் படிப்பதில்லை. கணினியில் கட்டம் போட்டு வைத்திருப்போம். பெயர், படிப்பு, தேறிய ஆண்டு, தட்டச்சு, அனுபவம், எப்போது சேர முடியும் என்று தலைப்புகள் இருக்கும். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் ஒரு பதிலை எடுத்து ஒரு கட்டத்தில் போடுவோம். வாக்கியம் இரண்டு பொருள் தந்தால் அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி விழும். போன் போட்டுக் கேட்க மாட்டீர்களா என்று நினைப்பீர்கள். கேட்க மாட்டோம். ஒரு இடத்துக்கு அத்தனை பேர் எழுதியிருக்கும்போது, எல்லாக் கட்டமும் நிரம்பியவர்களைத்தான் முதலில் கூப்பிடுவோம்.

சரி, ஒரு விண்ணப்பத்தையே எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒருவருடையதும் அல்ல. பல கடிதங்களில் பார்த்ததை ஒன்றாக்கி நானே எழுதியது. அலுவலக உதவியாளர் வேலைக்கு ஒரு பெண் இப்படி எழுதுகிறார்:

"நான் பி.காம். படித்துள்ளேன். கணினிப் பயிற்சி பெற்ற மாணவர்களுக்கு ஓராண்டு வகுப்பு எடுத்தேன். தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் முதுநிலை தேர்ச்சி. 2022 முதல் 2024 வரை ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி வருகிறேன். ஜூன் 10 வரை வேலையில் சேர இயலும்."

காதில் கேட்கும்போது எல்லாம் சரிபோலத்தான் இருக்கிறது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு கட்டத்தைக்கூட என்னால் நிச்சயமாக நிரப்ப முடியவில்லை.

முதல் வாக்கியத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். 'படித்துள்ளேன்' என்றால் தேறிவிட்டாரா, அரியர் நிற்கிறதா என்று தெரியாது. '2022 ஏப்ரலில் பி.காம். தேர்ச்சி பெற்றேன்' என்று எழுதினால் இரண்டு கட்டம் ஒரே மூச்சில் நிரம்பிவிடும். கடைசி செமஸ்டர் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 'முடித்துள்ளேன்', 'முடிக்கவுள்ளேன்' இரண்டும் பார்வைக்கு அக்கா தங்கைபோல இருக்கும். இரண்டாவதை எழுத நினைத்து முதலாவதை எழுதிவிட்டால், சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் நீங்கள் பொய் சொன்னவராகி நிற்பீர்கள். தட்டியது கை தவறித்தான் என்று அங்கே நிரூபிக்க வழியில்லை.

இரண்டாவது வாக்கியத்தில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 'கணினிப் பயிற்சி பெற்ற மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தேன்.' பயிற்சி பெற்றது யார்? வாக்கியம் சொல்கிறபடி மாணவர்கள். அந்தப் பெண் சொல்ல நினைத்தது, தான் பயிற்சி பெற்றதையும் பிறகு மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையும். 'பெற்று' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பெற்ற' என்று விழுந்துவிட்டது. அவர் கஷ்டப்பட்டு வாங்கிய சான்றிதழ், முகம் தெரியாத மாணவர்கள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

வகுப்பில் பெயரெச்சம், வினையெச்சம் என்று படித்திருப்பீர்கள். 'பெற்ற' பெயரெச்சம். அது தனக்குப் பின்னால் வரும் பெயரைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். இங்கே பின்னால் நிற்கும் பெயர் 'மாணவர்கள்'. 'பெற்று' வினையெச்சம். அது இடையில் எத்தனை சொல் வந்தாலும் தாண்டிப் போய் ஒரு வினையில்தான் முடியும். இன்னொன்றும் இருக்கிறது. 'செய்து' என்ற வாய்பாட்டில் வரும் வினையெச்சத்துக்கும் அது போய் முடியும் வினைக்கும் பொதுவாக வினைமுதல் ஒருவராகவே இருக்கும். அதனால் 'பெற்று... எடுத்தேன்' என்றால், எடுத்தவர்தான் பெற்றவர் என்பதில் சந்தேகமே வராது. தேர்வில் இதற்கு உங்களுக்கு என்ன மதிப்பெண்ணோ, இந்தப் பெண்ணுக்கு இதன் மதிப்பு ஒரு தகுதிச் சான்றிதழ்.

இந்தப் பிழையைக் கணினியின் எழுத்துப்பிழைச் சோதனையும் காட்டிக்கொடுக்காது. 'பெற்ற' என்பதும் சரியான சொல், 'பெற்று' என்பதும் சரியான சொல். அடியில் சிவப்புக் கோடு எப்படி வரும்? போனில் தட்டும்போது பாதிச் சொல்லிலேயே முழுச்சொல்லை அதுவாக நீட்டுகிறது, நாமும் அவசரத்தில் தொட்டுவிடுகிறோம். அதிலும், இளைஞர்கள் எச்சங்களை அடுக்கி அடுக்கி ஒரே வாக்கியத்தில் வாழ்க்கை வரலாற்றையே எழுதுவார்கள். அதைவிட, 'கணினிப் பயிற்சி பெற்றேன். அதன்பின் பள்ளி மாணவர்களுக்கு ஓராண்டு வகுப்பு எடுத்தேன்' என்று இரண்டாக உடைத்துவிடுவதே மேல் என்பேன். நடை கொஞ்சம் தட்டையாக இருக்கும்தான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது தட்டச்சு. 'தமிழ், ஆங்கிலம் முதுநிலை தேர்ச்சி.' நாம் பேச்சில் லோயர், ஹையர் என்போமே, அந்த இளநிலை, முதுநிலை. இந்த வாக்கியத்தில் 'முதுநிலை' என்ற சொல் இரண்டு மொழிக்கும் சேர்ந்ததா, பக்கத்தில் நிற்கும் ஆங்கிலத்துக்கு மட்டுமா? தமிழில் அவர் இளநிலையோடு நின்றிருக்கலாம். இது சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டு அரசுப் பணியில் தட்டச்சர் பதவிக்கே தகுதியைப் பிரித்துப் பிரித்துத்தான் எழுதியிருப்பார்கள்: இரண்டிலும் முதுநிலை, அல்லது தமிழில் முதுநிலையும் ஆங்கிலத்தில் இளநிலையும், அல்லது ஆங்கிலத்தில் முதுநிலையும் தமிழில் இளநிலையும். கேட்பவர் இவ்வளவு பிரித்துக் கேட்கும்போது, சொல்பவர் ஒரு காற்புள்ளியை நம்பி விட்டுவிடலாமா? 'தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் முதுநிலை' என்று எழுதினால் முடிந்தது. அந்த 'உம்' ஒன்று போதும்.

நான்காவது, '2022 முதல் 2024 வரை கணக்கு எழுதி வருகிறேன்.' இந்தப் பிழை எப்படி வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பழைய பயோடேட்டாவில் '2022 முதல் கணக்கு எழுதி வருகிறேன்' என்று இருந்திருக்கும். வேலையை விட்டதும் '2024 வரை' என்று மட்டும் நடுவில் சேர்த்திருப்பார். வினைமுற்றை மாற்ற மறந்துவிட்டார். படிக்கிற எனக்கோ இரண்டு வழி. இவர் விட்டுவிட்டாரா, இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால் அங்கே முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும், அதற்கு நாள் ஆகும். விட்டுவிட்டார் என்றால் அதன்பின் என்ன செய்தார் என்று நேர்முகத் தேர்வில் கேட்க வேண்டும். 'எழுதி வந்தேன்' என்று இருந்திருந்தால் குழப்பமே இல்லை.

ஆங்கில மின்னஞ்சலிலும் இதே பிழை அப்படியே வரும். 'ஐ ஆம் ஒர்க்கிங் ஃப்ரம் 2022 டு 2024' என்று எழுதுவார்கள். வேலை முடிந்துவிட்டது என்றால் 'ஐ ஒர்க்ட் ஃப்ரம் 2022 டு 2024'. இன்னும் தொடர்கிறது என்றால் 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் சின்ஸ் 2022'. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஆனால் எல்லா ஆங்கிலப் பிழையும் இப்படிப்பட்டதல்ல. 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2023' என்று எழுதினால் ஆங்கில ஆசிரியர் சுழித்துவிடுவார். முடிந்துபோன ஆண்டைச் சொல்லும்போது 'ஹேவ்' வரக்கூடாது. நான் அதைப் பார்த்துவிட்டு 2023 என்று கட்டத்தில் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். தமிழில் விட்டுப்போன 'க்', 'ப்' ஒற்றுகளும் பெரும்பாலும் அப்படித்தான். பிழை திருத்துநர் வேலைக்கே ஒருவர் எழுதினால் மட்டும் கதை வேறு. அங்கே ஒற்றுதான் வேலையே.

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். 'ஜூன் 10 வரை சேர இயலும்.' 10ஆம் தேதிக்கு முன் எந்த நாளும் வரலாம், அப்புறம் முடியாது என்கிறாரா? அல்லது 10க்குள் வந்துவிடுவேன் என்கிறாரா? அல்லது 10 வரை பழைய இடத்தில் வேலை இருக்கிறது, 11 முதல்தான் வர முடியும் என்பதைத்தான் இப்படி எழுதிவிட்டாரா? 'வரை', 'க்குள்', 'முதல்' மூன்றும் மூன்று வேறு நாள்காட்டி. ஆங்கிலத்தில் எழுதும்போது 'பை' வர வேண்டிய இடத்தில் 'அன்டில்' போடுவதும் இதே தடுமாற்றம்தான். 'வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் அனுப்புகிறேன்' என்பதை 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரை தினமும் அனுப்பிக்கொண்டே இருப்பார்போல என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். சிரிப்பதோடு போனால் பரவாயில்லை. சேரும் தேதியில் அப்படிக் குழம்பினால், எனக்கு 1ஆம் தேதி ஆள் வேண்டும் என்கிறபோது உங்கள் பெயர் ஓரமாகப் போய்விடும்.

இப்போது அதே விண்ணப்பத்தைத் திருத்திப் படிக்கிறேன்:

"2022 ஏப்ரலில் பி.காம். தேர்ச்சி பெற்றேன். கல்லூரியில் படிக்கும்போதே கணினிப் பயிற்சி பெற்றேன். அதன்பின் பள்ளி மாணவர்களுக்கு ஓராண்டு கணினி வகுப்பு எடுத்தேன். தட்டச்சில் தமிழ், ஆங்கிலம் ஆகிய இரண்டிலும் முதுநிலை தேறியுள்ளேன். 2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி வந்தேன். ஜூன் 11ஆம் தேதி முதல் எந்த நாளும் வேலையில் சேர இயலும்."

அதே பெண், அதே தகுதி. நீளம் சில சொற்கள்தான் கூடியிருக்கிறது.

அனுப்புவதற்கு முன் எப்படிச் சோதிப்பது? எழுதியவர் கண்ணுக்கு இந்தப் பிழைகள் தெரியாது. மனத்தில் இருப்பதைத்தான் அவர் படிப்பார். நண்பரிடம் கொடுத்து 'சரியா இருக்கா?' என்று கேட்டால் 'சூப்பர்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்படிக் கேட்காதீர்கள். ஒரு தாளில் கட்டம் போட்டுக் கொடுங்கள்: தேறிய ஆண்டு எது, பயிற்சி பெற்றது யார், தட்டச்சில் எந்த மொழியில் எந்த நிலை, இப்போது வேலையில் இருக்கிறாரா, எந்தத் தேதியிலிருந்து வருவார். உங்கள் கடிதத்தை மட்டும் பார்த்து, உங்களிடம் எதுவும் கேட்காமல் அவர் நிரப்பட்டும். எந்தக் கட்டத்தில் பேனா நிற்கிறதோ, அந்த வாக்கியத்தின் வினைமுற்றையும் அதற்கு முன்னால் உள்ள எச்சத்தையும் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். திருத்திவிட்டு, வேறொரு நண்பரிடம் கொடுங்கள். முதல் நண்பருக்கு இதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும்.

நன்றி, வணக்கம்.