வகைக்கெழுவை எந்தப் புள்ளியில் எடுக்கிறோம்?

அவையோருக்கு வணக்கம்.

நரம்பு வலையின் பிழையைப் பின்னோக்கிக் கொண்டுபோய் எடைகளைத் திருத்த உதவும் பேக்ப்ராபகேஷன் முறையைக் கற்கும் மாணவர் ஒருவர் தன் நோட்டில் எழுதியிருந்த விளக்கத்தோடு தொடங்குகிறேன். இரண்டே அடுக்கு உள்ள சின்ன வலையில் முதல் எடையின் கிரேடியன்ட்டை, அதாவது அந்த எடை சற்றே மாறினால் வலையின் இழப்பு எந்த வேகத்தில் மாறும் என்பதை, எப்படிக் கணக்கிடுவது என்று அவர் எழுதியது இது: "வெளியீட்டில் உள்ள பிழையை எடு. இரண்டாம் எடையால் பெருக்கு. சிக்மாய்டின் வகைக்கெழுவால் பெருக்கு. உள்ளீட்டால் பெருக்கு." இது சரியா என்று என்னிடம் கேட்டார். சங்கிலி விதி சொல்வது இதைத்தானே என்று எனக்கும் உடனே தலையாட்டத் தோன்றியது. ஆனால் அவர் எழுதியிருந்த நிரலை ஓட்டிப் பார்த்தபோது விடை தவறாக வந்தது. சொற்கள் சரி, எண் தவறு. எங்கே பிசகியது என்பதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து தேடப்போகிறேன்.

வலை இதுதான். உள்ளீடு x. அதை w1 என்ற எடையால் பெருக்கினால் z. அந்த z, எந்த எண்ணையும் 0-க்கும் 1-க்கும் நடுவில் கொண்டுவரும் சிக்மாய்டு வழியாகப் போய் h ஆகிறது. h-ஐ w2-வால் பெருக்கினால் வெளியீடு y. வேண்டிய விடை t. இழப்பு, (y − t) என்ற வித்தியாசத்தின் வர்க்கத்தில் பாதி. பயாஸ் எதையும் சேர்க்கவில்லை; இந்தக் கேள்விக்கு அது தேவைப்படாது.

எண்களைப் போடுவோம். x = 2, w1 = 0.5, w2 = 2, t = 1. அப்படியானால் z = 1. 1-இன் சிக்மாய்டு 0.7311, அதுவே h. y = 1.4621. பிழை 0.4621.

இனி பின்னோக்கி நடப்போம். பிழையை w2-வால் பெருக்கினால் 0.9242. h சற்றே கூடினால் இழப்பு எந்த வேகத்தில் கூடும் என்பதை இந்த எண் சொல்கிறது. அடுத்து சிக்மாய்டின் வகைக்கெழு. h(1 − h) என்ற வாய்பாட்டில் 0.7311 × 0.2689 = 0.1966. கடைசியாக x, அதாவது 2. எல்லாம் பெருக்கினால் 0.3634.

இது சரிதானா என்று பார்க்க எந்த வாய்பாட்டையும் நம்ப வேண்டியதில்லை. w1-ஐ 0.51 ஆக்கி இழப்பைக் கணக்கிடுங்கள்: 0.110424. 0.49 ஆக்கிக் கணக்கிடுங்கள்: 0.103156. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 0.02-ஆல் வகுத்தால் 0.3634. சங்கிலி விதியைத் தொடாமலே அதே எண் வந்துவிட்டது. ஆக, அந்த நான்கு வாக்கியங்களும் இந்த வலைக்குச் சரி.

அவருடைய நிரல் கொடுத்ததோ 0.4055. அதில் இருந்த வரிகள் இவை:

```
def d_sigmoid(v):
    s = sigmoid(v)
    return s * (1 - s)

grad_w1 = (y - t) * w2 * d_sigmoid(h) * x
```

கடைசி வரியில் அடைப்புக்குள் இருக்கும் எழுத்தைப் பாருங்கள். சிக்மாய்டுக்குள் போனது z. வகைக்கெழுவையும் அந்த z-இல்தான் எடுக்க வேண்டும். இங்கே h-ஐக் கொடுத்ததால், ஏற்கெனவே சிக்மாய்டு வழியாக வந்துவிட்ட எண் இன்னொரு முறை சிக்மாய்டுக்குள் போகிறது. 0.1966 வர வேண்டிய இடத்தில் 0.2194 வந்தது அதனால்தான்.

இந்தக் குழப்பம் வந்ததில் மாணவர்மேல் குற்றமில்லை. வாய்பாட்டை எழுதும் வழக்கமே அதற்கு இடம் கொடுக்கிறது. ரூமெல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலும் இந்த வகைக்கெழு நியூரானின் வெளியீட்டை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது: வெளியீடு பெருக்கல் ஒன்று கழித்தல் வெளியீடு. கணக்குக்கு அது மிக வசதி. h கையில் இருக்கிறது, மறுபடி சிக்மாய்டு போட வேண்டாம். ஆனால் ஒருவர் எழுதும் ஃபங்ஷன் h-ஐ எதிர்பார்க்கும், இன்னொருவர் எழுதியது z-ஐ எதிர்பார்க்கும். இரண்டுக்கும் ஒரே பெயர். ஒன்றுக்குரியதை மற்றொன்றுக்குக் கொடுத்தாலும் நிரல் முறையிடாது.

தலைகீழாக நடந்தால் உடனே தெரிந்துவிடும். v × (1 − v) என்று மட்டும் எழுதிய ஃபங்ஷனுக்கு z-ஐக் கொடுத்தால், நம் எண்களில் 1 × 0, விடை பூஜ்யம். w1 அசையவே அசையாது. z ஒன்றைத் தாண்டினால் குறி மாறி, எடை எதிர்த்திசையில் போகும். யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது.

மாணவர் செய்த பிழையோ வெளியே தெரியாத பிழை. 0.4055-க்கும் 0.3634-க்கும் குறி ஒன்றே. அளவில் ஏறத்தாழ 12 சதவீதம்தான் கூடுதல். பயிற்சி ஓடும், இழப்பு இறங்கும், வரைபடம் அழகாக வளையும். எனக்கு இதில் கவலை தருவது வேறொன்று. h எப்போதும் 0-க்கும் 1-க்கும் நடுவில்தான் இருக்கும். ஆகவே இந்தத் தவறான வகைக்கெழு 0.25-ஐத் தாண்டாது, 0.1966-க்குக் கீழும் இறங்காது. உண்மையான வகைக்கெழு அப்படியா? z = 6 ஆகும்போது அது 0.0025 அளவுக்குச் சுருங்கிவிடும். தவறான நிரல் அங்கேயும் 0.197 என்றே சொல்லும், ஏறக்குறைய 80 மடங்கு. சிக்மாய்டின் வளைவு தட்டையாகி கிரேடியன்ட் மறைந்துபோவதை இந்த நிரலை வைத்துப் படிக்கும் ஒருவர் பார்க்கவே மாட்டார். இல்லாத வலை ஒன்றைப் பற்றி அவர் பாடம் கற்றுக்கொண்டிருப்பார்.

அதனால் விளக்கத்தின் மூன்றாம் வாக்கியத்தை இப்படித் திருத்தச் சொன்னேன்: "சிக்மாய்டுக்குள் போன z-இல் எடுத்த வகைக்கெழுவால் பெருக்கு."

இரண்டாம் வாக்கியத்திலும் ஒரு சொல் குறைகிறது. "இரண்டாம் எடை" என்றால் எந்த நேரத்து எடை? முதலில் w2-வைத் திருத்திவிட்டு, திருத்திய மதிப்பை வைத்து w1-க்குக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. w2-வின் கிரேடியன்ட் 0.3378. கிரேடியன்ட்டில் எவ்வளவு பங்கை எடையிலிருந்து கழிப்பது என்று சொல்லும் லேர்னிங் ரேட் 0.5 என்றால் புதிய w2 1.8311. அதை வைத்தால் w1-க்கு 0.3327 வரும். பிழை பழைய w2-வில் கணக்கிட்டது, பெருக்கியது புதிய w2-வால். பழைய எடைகளுக்கும் புதிய எடைகளுக்கும் அது கிரேடியன்ட் ஆகாது. லேர்னிங் ரேட்டைக் குறைக்கக் குறைக்க இந்த வித்தியாசமும் தேய்வதால் கண்ணில் படாமல் போகிறது. எல்லா கிரேடியன்ட்டையும் கணக்கிட்டு முடித்த பிறகுதான் எடைகளைத் தொட வேண்டும்.

இனி, விளக்கம் பேசாமல் விட்ட ஓர் இடம். 'சங்கிலி' என்ற பெயரே ஒற்றை வடத்தை மனத்தில் பதித்துவிடுகிறது. அதே h இன்னொரு வெளியீட்டுக்கும் போகட்டும்; அங்கே எடை 1, வேண்டிய விடையும் 1. இரண்டாம் வெளியீடு 0.7311, பிழை −0.2689. மாணவரின் நான்கு வாக்கியங்களை வைத்து இங்கே என்ன செய்வீர்கள்? எந்தப் பிழையை எடுப்பீர்கள்?

ஒவ்வொரு வழியிலும் பெருக்க வேண்டும், வழிகள் சேரும் இடத்தில் கூட்ட வேண்டும். முதல் வழியில் h-க்கு வந்தது 0.9242, இரண்டாம் வழியில் −0.2689. கூட்டினால் 0.6553. முதல் வெளியீடு h-ஐக் குறைக்கச் சொல்கிறது, இரண்டாவது கூட்டச் சொல்கிறது. இரண்டின் இழுபறியில் மிஞ்சுவது இது. அதன்பின் பழையபடியே 0.1966, பிறகு 2. விடை 0.2577. w1-ஐ மறுபடி 0.51, 0.49 என்று ஆட்டி இரண்டு இழப்புகளின் கூட்டுத்தொகையைப் பார்த்தால் 0.2576 வருகிறது. நான்காம் தசமத்தில் உள்ள அந்தச் சிறு வித்தியாசம் நாம் ஆட்டிய 0.01 என்ற அளவால் வருவது. அதை 0.001 ஆக்கினால் அதுவும் மறைந்துவிடும்.