900 ரூபாய்க்கு ஒரு லட்சம்

வணக்கம். நான் 31 வருடம் வங்கியில் இருந்தேன். அதில் பாதிக் காலம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில்தான், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம். வீட்டுக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் பேசுவதே என் வேலை. வருகிற எல்லாருமே முதலில் கேட்பது ஒன்றுதான்: "சார், எவ்வளவு கிடைக்கும்?" மாசம் எவ்வளவு கட்ட முடியும் என்று கேட்டு வந்தவர்கள் குறைவு. இன்றைக்கு அந்தக் கேள்வியிலிருந்து ஆரம்பித்து, கடன் தொகைக்கு எப்படிப் போவது என்று சொல்கிறேன். ஃபோனில் இருக்கிற கால்குலேட்டர் போதும்.

ஒருவர் கதையைச் சொல்கிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வயது 38. அப்பா விட்டுப்போன ஏழு சென்ட் நிலத்தில் வீடு கட்ட வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். அதில் 25 லட்சத்துக்குத் தவணை என்ன, 22 லட்சத்துக்கு என்ன, 20 லட்சத்துக்கு என்ன என்று ஒவ்வொன்றாகப் போட்டு அடித்து வைத்திருந்தார். "எங்கே நிறுத்துறதுன்னு தெரியல சார்" என்றார். நான் அவரை எதிர்ப்பக்கமிருந்து வரச் சொன்னேன்.

முதலில் வருமானம். சம்பளச் சீட்டில் மொத்தம் 60,000 இருந்தது. பி.எஃப். முதலான பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது 50,000. கணக்கு இந்த 50,000-ல்தான் போட வேண்டும். மொத்தச் சம்பளத்தில் போட்டால், கைக்கு வராத பணத்துக்கும் தவணை கட்டுவதாக ஆகிவிடும். அடுத்தது, அதில் தவணைக்குப் போகிற பங்கு. வங்கிகள் ஐம்பது சதவீதம் வரைகூடப் போவதுண்டு. பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு நான் நாற்பதுக்கு மேல் சொல்ல மாட்டேன். 50,000-ல் நாற்பது சதவீதம் 20,000. இந்த 20,000 வீட்டுக் கடனுக்கு மட்டும் இல்லை, எல்லாத் தவணைக்கும் சேர்த்து. இதை இன்னொரு தடவை சொல்கிறேன், எல்லாத் தவணைக்கும் சேர்த்து.

அவருக்கு பைக் கடன் 2,500 இருந்தது. "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்துத்தான், "குறி ஒண்ணு கட்டறேன் சார், மாசம் 2,000" என்றார். சீட்டைத்தான் நம் பக்கம் குறி என்போம், அது போடாத வீடு ஏது? ஊருக்குள் தெரிந்தவர்கள் சேர்ந்து நடத்துகிற அந்தக் குறி வங்கியின் அறிக்கையில் வராது. நகைக்கடன் வட்டியையும் பலர் சொல்வதில்லை. வங்கிக்குத் தெரியாவிட்டாலும் மாசம் பிறந்தால் அந்தப் பணம் நம் பையிலிருந்துதானே போகிறது? ஆகவே 20,000-ல் 2,500 போக, 2,000 போக, மிச்சம் 15,500. வீட்டுக் கடனுக்கு அவரால் கட்ட முடிகிற தவணை அவ்வளவுதான்.

இனி இதைக் கடன் தொகையாக மாற்ற வேண்டும். அதற்கு ஒரே ஒரு எண் தெரிந்தால் போதும்: ஒரு லட்சத்துக்கு மாசம் எவ்வளவு தவணை என்கிற எண். வட்டி 9 சதவீதம், காலம் 20 வருடம் என்றால் அது 900 ரூபாய். எந்த வங்கிக் கிளையில் கேட்டாலும் இந்த அட்டவணை கிடைக்கும். வட்டியும் காலமும் மாறாத வரைக்கும் இரண்டு லட்சத்துக்கு 1,800, பத்து லட்சத்துக்கு 9,000, அப்படியே ஏறும். ஆகவே 15,500-ஐ 900-ஆல் வகுத்தால் போதும். 17.2 வரும். அதாவது 17 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கம் போட்ட கணக்கு ஒரே வகுத்தலில் முடிந்தது.

வந்த விடையைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேண்டும். 17 லட்சத்துக்குத் தவணை 15,300. பைக்கும் குறியும் சேர்த்தால் 19,800. 50,000-ல் அது 39.6 சதவீதம். சரி, நாற்பதுக்குள்தான் இருக்கிறது. குறியைச் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 2,000-ஐ 900-ஆல் வகுத்துப் பாருங்கள், இரண்டேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு கூடுதலாகக் கடன் கிடைத்திருக்கும், கட்ட முடியாத கடன். மாசம் 900 ரூபாய் வேறெங்காவது போகிறது என்றால் வீட்டுக் கடனில் ஒரு லட்சம் குறைகிறது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார், பல பேர் என்னிடம் கேட்ட கேள்விதான். "காலத்தை 30 வருஷமாக்கினா கடன் கூடுமே சார்?" கூடும். எவ்வளவு கூடும் என்று பாருங்கள். 30 வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கான எண் 805. 15,500-ஐ அதால் வகுத்தால் 19 லட்சத்து 25 ஆயிரம். அதாவது இரண்டு லட்சம் கூடுகிறது. அந்த இரண்டு லட்சத்துக்காக அதே 15,500-ஐ இன்னும் 120 மாசம் கட்ட வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 18 லட்சத்து 60 ஆயிரம்! 58 வயதில் சம்பளம் நின்ற பிறகும் பத்து வருடம்.

பத்து வருடம் நீட்டியும் ஏன் இவ்வளவு கொஞ்சமாகக் கூடுகிறது? 9 சதவீதம் என்றால் மாசத்துக்கு முக்கால் சதவீதம். 17 லட்சத்துக்கு முதல் மாச வட்டியே 12,750. கட்ட முடிகிற 15,500-ல் அசலுக்கு மிஞ்சுவது 2,750 மட்டும். கடன் ஏற ஏற அந்த 2,750 சுருங்கும். 20 லட்சத்து 67 ஆயிரத்துக்குப் போனால் முதல் மாச வட்டியே 15,500 ஆகிவிடும். அங்கே அசலுக்கு ஒரு பைசாவும் போகாது, நூறு வருடம் கட்டினாலும் கடன் தீராது. அதனால் காலத்தை எவ்வளவு நீட்டினாலும் 20 லட்சத்து 67 ஆயிரத்தைத் தாண்டவே முடியாது. அந்தச் சுவரை நெருங்க நெருங்க, நாம் நீட்டுகிற வருடமெல்லாம் வட்டிக்கே போகிறது. உங்களிடம் ஒரு கடன் தொகை சொன்னால், முதல் மாச வட்டியை மட்டும் போட்டுத் தவணையோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அந்தக் கடன் உங்களுக்குப் பெரிது.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். வட்டி ஏறுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது மாறும் வட்டி. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி, 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதம் ஆனது. அப்போது பலருக்குத் தவணை ஏறவில்லை, காலம் நீண்டது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரையே தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொன்னது. ஆகவே இன்றைய வட்டியோடு இரண்டு சதவீதம் சேர்த்து ஒரு தடவை வகுத்துப் பாருங்கள். 11 சதவீதத்துக்கு, 20 வருடத்துக்கு, எண் 1,032. 15,500-ஐ வகுத்தால் 15 லட்சம். நம் சூப்பர்வைசர் நோட்டில் 15 என்று எழுதி வட்டம் போட்டார். "மாடி அறையை அப்புறம் கட்டிக்கறேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வணக்கம்.